பட்டியலில் இல்லை, பெட்டியில் இருக்கிறது

*வணக்கம் அண்ணா. காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மகளுடைய கல்விக் கடனுக்காக ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஈபி பில், ஆதார் மூன்றையும் கேட்டார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே எடுத்தேன். பிரிண்டுக்காக ஃபோல்டரைத் திறந்தால் யார் யாருடைய ஆதாரோ, ஸ்டேட்மென்ட்டோ வரிசையாகக் கிடக்கிறது. எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. குரோமில் டவுன்லோட் பட்டியலில் என்னுடைய மூன்றுக்கும் நேராக இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன், மறைந்துவிட்டது. ஹிஸ்டரியையும் அழித்தேன். இது போதுமா? அடுத்த வாரம் இன்னொரு கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் எடுக்க வேண்டும். அதை எப்படி எடுப்பது?*

போதாதும்மா. நீங்கள் அழித்தது பட்டியலை. ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது. ரேஷன் கடை நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் மூட்டை காணாமல் போய்விடுமா? அப்படித்தான் இது. `Ctrl + J` அழுத்தினால் குரோமில் வருகிறதே, அது என்னென்ன இறக்கினோம் என்ற குறிப்பு மட்டும். அதில் பெருக்கல் குறியை அழுத்தினால் அந்தக் குறிப்பு போகும். ஃபைல் அந்த சிஸ்டத்தின் Downloads ஃபோல்டரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஹிஸ்டரி அழிக்கும் பெட்டியில் "Download history" என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தாலும் இதே கதைதான். பெயரைப் பார்த்து ஃபைலும் போய்விடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நீங்கள் ஃபோல்டரில் பார்த்தீர்களே, அந்த ஆதார்களின் சொந்தக்காரர்களில் பாதிப் பேராவது உங்களைப் போலவே அழித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு பஸ் ஏறியிருப்பார்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் பிரவுசிங் சென்டர் சிஸ்டங்களை சர்வீஸ் செய்து பல வருடம் ஆகிவிட்டது. "ஸ்லோவா இருக்குண்ணா" என்று கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்தால் முதலில் நான் திறப்பது Downloads ஃபோல்டரைத்தான். ஹால் டிக்கெட், பட்டா, சாதிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட் என்று பல நூறு ஃபைல் கிடக்கும். கடைக்காரர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அழிப்பது தன் வேலை என்று அவர் நினைக்கவில்லை. வந்தவருக்கும் அது தெரியவில்லை. அவ்வளவுதான்.

சில கடைகளில் Deep Freeze மாதிரியான மென்பொருள் போட்டிருப்பார்கள். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தால் அன்றைக்குச் சேர்ந்த குப்பை எல்லாம் போய், பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் போன கடையில் அது இல்லை. இருந்திருந்தால் மற்றவர்களுடைய ஃபைல்கள் அப்படி வரிசையாகக் கிடந்திருக்காது. அதனால் உங்களுடைய மூன்றும் இன்னும் அங்கே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். முடிந்தால் நாளைக்கே அதே கடைக்குப் போய், அதே சிஸ்டத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். எந்த சிஸ்டம் என்று மறந்திருந்தால் தேதியையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வந்தவர் பெயரை நோட்டில் எழுதும் கடையாக இருந்தால் அதில் இருக்கும். `Windows` பொத்தானோடு `E` அழுத்தினால் ஃபோல்டர்கள் திறக்கும். Downloads-க்குள் போய், மேலே "Date modified" என்ற தலைப்பைச் சொடுக்கினால் ஃபைல்கள் தேதி வரிசைக்கு வரும். நீங்கள் போன தேதியைப் பாருங்கள். ஆதார் ஃபைலின் பெயர் EAadhaar என்று தொடங்கும். ஸ்டேட்மென்ட்டின் பெயரில் கணக்கு எண்ணோ தேதியோ இருக்கும். ஒரே பெயரில் கடைசியில் (1), (2) என்று இருந்து, தேதியும் நேரமும் ஒத்துப்போனால் அதுவும் உங்களுடையதாகத்தான் இருக்கும். முதல் தடவை அழுத்தும்போது ஒன்றும் நடக்காத மாதிரி இருந்ததால் மறுபடி அழுத்தியிருப்பீர்கள், இரண்டு பிரதி வந்திருக்கும். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை விட்டு வருவதுதான் அடிக்கடி நடப்பது.

அவற்றைத் தேர்ந்தெடுத்து, `Shift` பொத்தானைப் பிடித்தபடி `Delete` அழுத்துங்கள். வெறும் `Delete` அழுத்தினால் Recycle Bin-க்குப் போகும். யார் வேண்டுமானாலும் அங்கிருந்து ஒரே சொடுக்கில் திரும்ப எடுக்கலாம். `Shift` சேர்த்தால் நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள். ஃபைல் வேறொன்றில் திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்று சொன்னால், பின்னால் எங்கேயோ அடோபி ரீடரில் அது திறந்தே இருக்கிறது. மூடிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இப்போது பிரிண்ட் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக உறுத்தியது இதுதான். பெரும்பாலான சென்டரில் பிரிண்டர் நாம் உட்காரும் சிஸ்டத்தோடு இருக்காது, கவுன்டரில் இருக்கும். அப்படியானால் உங்கள் ஃபைல் அங்கே எப்படிப் போனது? மூன்று வழிதான். கடைக்குள் எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்திருப்பார்கள், அதில் போடச் சொல்லியிருப்பார். இல்லை, கடை மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருப்பார். இல்லை, கடை வாட்ஸ்அப் எண்ணுக்கு. எதுவாக இருந்தாலும் கவுன்டர் சிஸ்டத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்த இடத்தை என்னதான் துடைத்தாலும் அது போகாது. "தம்பி, அன்னைக்கு நான் பிரிண்ட் எடுத்த மூணு ஃபைலையும் என் முன்னாலயே அழிச்சுடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் செய்துவிடுவார்கள். மெயிலில் போயிருந்தால் அவருடைய Inbox-இல் மட்டும் அழித்தால் போதாது. Trash-இலும் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் "Delete for everyone" கொடுத்தாலும் சாட்டில்தான் மறையும். அவர் சிஸ்டத்தில் ஏற்கெனவே இறங்கிய ஃபைல் அப்படியே இருக்கும்.

ஒரு ஸ்டேட்மென்ட்டில் என்ன இருந்துவிடப் போகிறது, பாஸ்வேர்டா இருக்கிறது என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு இல்லைதான். கணக்கு எண், கிளை, முகவரி இருக்கும். பல ஸ்டேட்மென்ட்டில் செல்போன் எண்ணும் இருக்கும். போன மாதம் யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் எந்தத் தவணை பிடித்தார்கள் என்பது வரிக்கு வரி இருக்கும். "பேங்கில் இருந்து பேசுறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுவீர்கள். அதே ஆள், "5-ஆம் தேதி குழு லோன் தவணை 2,150 ரூபாய் போயிருக்கு, 11-ஆம் தேதி ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கீங்க, சரிதானே அம்மா?" என்று ஆரம்பித்தால்? நிஜமாகவே பேங்க்தான் என்று நம்பி, அடுத்து அவர் கேட்கும் ஓடிபியைச் சொல்லிவிடுவோம். திருடனுக்கு அந்தக் காகிதம் நேரடியாகப் பணம் தராது. ஆனால் உங்களிடம் பேசுவதற்கான வசனத்தை எழுதிக் கொடுத்துவிடும்.

ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதே என்றால், ஆதாரை எடுத்துக்கொள்வோம். இறக்கிய இ-ஆதார் ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டு எட்டு எழுத்து: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. ஒருவர் பெயர் KALAIVANI, பிறந்தது 1984 என்றால் `KALA1984`. இது ரகசியமே இல்லை, இறக்கும்போது திரையிலேயே எழுதியிருக்கும். அந்தப் பெயரும் பிறந்த ஆண்டும் வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? அதே கடையில்தான். சைபர் கஃபேக்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, வருகிறவரிடம் அடையாளச் சான்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். சில இடத்தில் ஜெராக்ஸே வாங்கி வைப்பார்கள். பூட்டிய பெட்டியையும் சாவியையும் ஒரே மேஜையில் விட்டுவிட்டு வருகிறோம். பேங்க் மெயிலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் பல வங்கிகளில் செல்போன் எண்ணின் சில இலக்கம், பிறந்த தேதி என்று இப்படித்தான் பூட்டப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு பிரிண்டுக்கும் பாஸ்வேர்டு அடிப்பது தொல்லை என்று கடைப் பையன்கள் ஒரு வேலை செய்வார்கள். ஒரு தடவை திறந்துவிட்டு, பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிரிண்டருக்குப் பதிலாக "Save as PDF" என்று கொடுத்தால், பூட்டு இல்லாத புதுப் பிரதி ஒன்று வந்துவிடும். உதவி செய்கிறோம் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அப்புறம் அங்கே கிடப்பது திறந்த ஃபைல். ஆதார் ஆணையத்தின் அறிவுரையிலேயே, பொதுக் கணினியில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று இருக்கிறது. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இறக்கும் பக்கத்திலேயே "masked Aadhaar" வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் வரும். பேங்கில் முழு எண் வேண்டும் என்று சொன்னால் ஒரிஜினல் அட்டையையே காட்டிக்கொள்ளலாம்.

சரி, அடுத்த வாரத்துக்கு வருவோம். முதலில் ஒரு கேள்வி. இன்னொரு கணக்கு என்றீர்களே, அது கடன் கேட்டிருக்கும் அதே வங்கியில் இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்டேட்மென்ட்டை அவர்களே தங்கள் கணினியில் பார்த்துக்கொள்ள முடியும்; மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேறு வங்கி என்றால், அந்தக் கிளையிலேயே முத்திரை வைத்து வாங்க முடியுமா என்று பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் பாஸ்வேர்டை வெளியில் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

அதுவும் ஆகாது, கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்றால், ஸ்டேட்மென்ட்டை வங்கியின் ஆப்பிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சென்டருக்குப் போவது பிரிண்டுக்கு மட்டும் என்று ஆகிவிடும். போனில் செருகுகிற மாதிரி ஓடிஜி பென்டிரைவ் கிடைக்கும். அதில் அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்டு, கவுன்டரில் கொடுத்து, "பென்டிரைவ்ல இருந்தே திறந்து பிரிண்ட் கொடுங்க தம்பி, காப்பி பண்ண வேண்டாம்" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த பென்டிரைவில் குடும்ப போட்டோ எதுவும் வைக்காதீர்கள். நம்ம ஊர் சென்டர்களில் ஷார்ட்கட் வைரஸ் சகஜம். கொடுத்து வாங்கினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். காலி பென்டிரைவ் என்றால் ஃபார்மட் செய்துவிட்டுப் போகலாம்.

பிரிண்டுக்கு வாட்ஸ்அப்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அவர்கள் எண்ணுக்கு அனுப்புவது ஒன்று. அவர்கள் திரையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை உங்கள் போனால் ஸ்கேன் செய்வது வேறு. இரண்டாவதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு ஃபைலுக்காக உங்கள் மொத்த வாட்ஸ்அப்பும் அந்தத் திரையில் விரிந்துவிடும். ஏற்கெனவே செய்திருந்தால் இந்த நிமிடமே போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து "Linked devices" போய்ப் பாருங்கள். தெரியாத கணினி எது இருந்தாலும் அதைத் தொட்டு "Log out" கொடுங்கள்.

போனில் முடியவே இல்லை, சென்டர் சிஸ்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால், நான் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனபோது செய்த மாதிரியே சொல்கிறேன்.

உட்கார்ந்ததும் முதலில் குனிந்து சிபியூவின் பின்பக்கம் பார்த்தேன். கீபோர்டு ஒயர் நேராக யூஎஸ்பி துளையில் போகிறதா, நடுவில் பென்டிரைவ் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பதிந்து வைக்கிற கருவி அப்படித்தான் இருக்கும். அன்று எதுவும் இல்லை. இதையே மென்பொருளாகப் போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் குரோமைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் இதை அடித்தேன்:

```
chrome://settings/downloads
```

வந்த பக்கத்தில் "Ask where to save each file before downloading" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், இனி எந்த ஃபைலும் கேட்காமல் Downloads-இல் போய் விழாது. எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். இதை நீங்கள் போட்டுவிட்டு வந்தாலும் அடுத்தவருக்குக் கெடுதல் இல்லை, நல்லதுதான். இதைச் செய்யாமல் எடுத்துவிட்டு அப்புறம் தேடித் தேடி அழிப்பது இரட்டை வேலை.

பிறகு `Ctrl + Shift + N`. கறுப்பாக Incognito ஜன்னல் திறக்கும். வங்கியின் முகவரியைக் கையால் அடித்தோம். சென்டர் சிஸ்டத்தில் யாரோ புக்மார்க் போட்டு வைத்திருப்பதைச் சொடுக்கவில்லை. கூகுளில் வங்கிப் பெயரைத் தேடி முதலில் வரும் விளம்பரத்தையும் சொடுக்கவில்லை. உள்ளே போய், ஸ்டேட்மென்ட்டைக் கேட்டதும் எங்கே வைக்கட்டும் என்ற பெட்டி வந்தது. இடது பக்கத்தில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வைத்தோம். Downloads-இல் ஒன்றும் விழவில்லை. பென்டிரைவைக் கவுன்டருக்கு எடுத்துப் போகும் முன்பே வங்கிப் பக்கத்தில் "Logout" கொடுத்துவிட்டோம். எழுந்து போகும் அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து. சீட்டைவிட்டு எழுந்த பிறகு திரையில் வங்கிப் பக்கம் திறந்திருக்கக் கூடாது.

Incognito பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதில் செய்தால் எந்தத் தடமும் இருக்காது என்று நினைக்கிறார்கள். அது ஹிஸ்டரியை வைத்துக்கொள்ளாது, மூடினால் லாகினை மறந்துவிடும், அவ்வளவுதான். அதில் இறக்கிய ஃபைல் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். இன்னொன்று, ஒரே நேரத்தில் இரண்டு Incognito ஜன்னல் திறந்திருந்து, நீங்கள் ஒன்றை மட்டும் மூடினால், லாகின் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடிய பிறகு சோதித்துப் பார்க்கவும் முடியும்: மறுபடி `Ctrl + Shift + N` அழுத்தி அதே வங்கிக்குப் போங்கள். யூசர் ஐடி கேட்டால் சரி. நேராக உங்கள் கணக்குக்குள் போனால் எங்கேயோ ஒரு ஜன்னல் பின்னால் ஒளிந்திருக்கிறது.

போன வாரம் நீங்கள் சாதாரண ஜன்னலில்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் நாளைக்குப் போகும்போது `chrome://password-manager/passwords` என்று அடித்து, உங்கள் யூசர் ஐடி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். லாகின் ஆனதும் "Save password?" என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அவசரத்தில் அதை மூட நினைத்து நீலப் பொத்தானை அழுத்திவிடுவோம். அப்படி அழுத்தியிருந்தால் அங்கே பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும். அந்த வரியைத் திறந்து அழித்துவிடுங்கள்.

மெயிலில் வந்த ஸ்டேட்மென்ட் என்றால் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. இதில் மாட்டிக்கொண்டது நானேதான். தர்மபுரியில் சேலம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு சென்டரில் ஜிமெயிலைத் திறந்து ஒரு பில்லை பிரிண்ட் எடுத்தேன். பஸ் வந்துவிட்டது என்று ஜன்னலை மூடிவிட்டு ஓடினேன். ஊருக்குள் பத்துப் பேருக்கு அறிவுரை சொல்லும் ஆள்! இரவு வீட்டில் போனில் கூகுள் கணக்கின் Security பகுதிக்குப் போய் "Your devices" பார்த்தால், தர்மபுரி கணினி பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மெயில் மட்டுமில்லாமல் குரோமுக்குள்ளேயே என் கணக்கு நுழைந்திருந்தது. போனிலிருந்தே அதைத் தொட்டு "Sign out" கொடுத்தேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தால் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியதில்லை. இதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஈபி பில்லுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மின்வாரியத்தின் தளத்தில் லாகின் செய்யாமலே, மின் இணைப்பு எண்ணை வைத்துத் தொகையைப் பார்த்துக் கட்டுகிற வழி இருக்கிறது. பாஸ்வேர்டு அடிக்காத இடத்தில் பாஸ்வேர்டு திருட்டும் இல்லை. ஆனால் பணத்தைச் சென்டர் சிஸ்டத்தில் டெபிட் கார்டு எண் அடித்துக் கட்டாதீர்கள். போனில் யூபிஐயிலோ, ஈபி ஆபீஸ் கவுன்டரிலோ கட்டிவிட்டு, ரசீதை மட்டும் பிரிண்ட் எடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அழியாதது சில உண்டு. விதிப்படி, வந்தவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவைக் கடைக்காரர் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அது உங்கள் ஹிஸ்டரியை அழித்தால் போகாது. ஆனால் அதில் இருப்பது தளத்தின் முகவரி. உங்கள் பாஸ்வேர்டோ ஸ்டேட்மென்ட்டோ இல்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். `Shift + Delete` செய்த ஃபைலையும், பழைய வகை ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மீட்பு மென்பொருள் போட்டு எடுக்க முடியும். எத்தனையோ பேருக்கு கல்யாண போட்டோவை நான் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும். உங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் அதைச் செய்யப் போவதில்லை. அவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் முக்கியம், அதற்கு இது போதும்.

பாஸ்வேர்டு விஷயம் அப்படி இல்லை. அடிக்கிற எழுத்தைப் பதியும் மென்பொருள் அங்கே இருந்திருந்தால், நீங்கள் எதைத் துடைத்தும் பயனில்லை. அழிப்பதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும். வங்கித் தளத்தில் மவுஸால் சொடுக்குகிற விசைப்பலகை இருக்கிறதே என்றால், கீபோர்டைப் பதியும் கருவியை அது ஏமாற்றும். திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளை ஏமாற்றாது. அதனால் சென்டரில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு அடித்த அன்றைக்கு இரவே உங்கள் சொந்தப் போனிலிருந்து அதை மாற்றிவிடுங்கள். போன வாரம் அடித்ததையும் இன்றே மாற்றுங்கள். கடைக்குப் போய் ஃபைலை அழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் செய்யாத பரிவர்த்தனைக்கு எஸ்எம்எஸ் வந்தால் வங்கிக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கடைசியாக, ஃபோல்டரில் பார்த்த மற்றவர்களின் ஆதார், ஸ்டேட்மென்ட். பாவம் என்று நீங்களே அழித்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் பாதி வேலையில் விட்டுவிட்டு மாலை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். திறந்தும் பார்க்க வேண்டாம். கவுன்டர் தம்பியிடம் சொல்லுங்கள். அந்த சிஸ்டத்தில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், Settings-க்குள் System, அதற்குள் Storage, அதற்குள் Storage Sense என்று ஒன்று இருக்கிறது. Downloads-இல் ஒரு நாளைக்கு மேல் யாரும் திறக்காத ஃபைலை அது தானாக அழிக்கும்படி வைக்கலாம்.  நான் சர்வீஸ் பார்க்கும் கடைகளில் இதைப் போட்டுவிட்டுத்தான் எழுந்து வருகிறேன். சிஸ்டமும் கொஞ்சம் வேகமாகிறது என்று சொன்னால் உடனே சம்மதித்துவிடுகிறார்கள்.